மவுஸ் தொடாத கவுண்டர்

முருகதாஸுக்குப் புள்ளிக் கோடு ஆகாது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதைச் சுற்றி எறும்பு ஊர்ந்ததுபோல மெல்லிய புள்ளிக் கோடு ஒன்று வருமே, அதைத்தான் சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடித்துப் பழகிய கண் அவனுக்கு. மார்த்தாண்டத்தில் ஒரு டிடிபி சென்டரில் நான்கு வருஷம் உட்கார்ந்து, மணமகள் பெயருக்கும் மணமகன் பெயருக்கும் நடுவே இடைவெளி மயிரிழை கூடினாலும் பொறுக்காமல் மறுபடி அச்செடுத்தவன். பெண்வீட்டார் வாசலில் நின்று கத்தினாலும் சரி, எழுத்து நேராக நிற்காமல் கடையை விட்டுக் காகிதம் வெளியே போகாது.

ஊர் திருவட்டாறு. அப்பா கிருஷ்ணமணி ரப்பர் பால் வெட்டுகிறவர். மகன் கம்ப்யூட்டரில் என்ன வெட்டுகிறான் என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இரண்டாயிரத்து ஏழில் நாகர்கோவிலில் டைட்டஸ் என்பவர் வெப்சைட் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று தொடங்கி, "ஏலே, பத்திரிகை அடிச்சது போதும், இஞ்ச வா" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து தினமும் திருவட்டாறு பஸ்ஸில் போய்வந்தான். நகைக்கடை, மண்டபம், ஐந்தாறு பள்ளிக்கூடம், ஆரல்வாய்மொழியில் காற்றாலைக்கு உதிரிபாகம் விற்கும் ஒருவர் என்று நாற்பது ஐம்பது வெப்சைட்டுக்கு மேல் செய்துவிட்டான். எல்லாவற்றிலும் முதல் வேலை, புள்ளிக் கோட்டை ஒழிப்பது. அதற்குப் புரோகிராமில் ஒரே வரி போதும். இன்டர்நெட்டிலிருந்து எல்லோரும் இறக்கி வைத்துக்கொள்ளும் ஒரு ஃபைலில் அந்த வரி தயாராகவே இருந்தது. கோட்டை எடுக்கிறாயே, அதற்குப் பதில் வேறு அடையாளம் வைக்க மறக்காதே என்று அதன் பக்கத்திலேயே ஒரு குறிப்பும் இருந்தது. குறிப்பையெல்லாம் யார் படிக்கிறார்கள்? முருகதாஸும் படிக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் டைட்டஸுக்குப் பெரிய வேலை ஒன்று கிடைத்தது. கடற்கரைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் ஆஸ்பத்திரி. நோயாளிகளைப் பதிவு செய்ய அங்கே பழைய கறுப்புத் திரை புரோகிராம் ஒன்று பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, பிரவுசரில் ஓடும் புதியது வேண்டும் என்றார்கள். முருகதாஸ் இரண்டு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தான். மேலே நீல நிறத்தில் மெனு பட்டை. மவுஸைக் கொண்டுபோனால் 'பதிவு', 'ரசீது', 'அறிக்கை' என்று ஒவ்வொன்றின் கீழும் வழுக்கிக்கொண்டு பட்டியல் இறங்கும். ஏதாவது கேட்கவேண்டியிருந்தால் பின்னால் பக்கம் முழுதும் இருண்டு, நடுவில் வெள்ளையாக ஒரு பெட்டி எழும்பும். பார்த்த டைட்டஸ் முதுகில் தட்டிக்கொடுத்தார். முருகதாஸுக்கே தன்மேல் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது.

புதியதை அங்கே கொண்டுபோய் நிறுவிய அன்றுதான் நேசம்மாளைப் பார்த்தான்.

பதிவு கவுண்டரில் இருந்தவள் அவள். முப்பத்துமூன்று வயது. பிறக்கும்போதே நரம்பில் கோளாறு. கைகள் இரண்டும் தன் போக்கில் ஆடிக்கொண்டிருக்கும்; தலையும் லேசாக ஆடும். வாய் மட்டும் தெளிவு, நினைவு அதைவிடத் தெளிவு. அவள் முன்னாலிருந்த கீபோர்டின் மேல் ஒரு மரப்பலகை பொருத்தியிருந்தது. ஒவ்வொரு விசைக்கும் நேராக ஒரு துளை. வள்ளம் பணியும், அதாவது படகு கட்டும், தச்சனான அவள் அண்ணன் ஏசுஅடிமை அயனி மரத்தில் இழைத்துக் கொடுத்தது. மணிக்கட்டைப் பலகைமேல் ஊன்றிக்கொண்டு, விரலைத் துளைக்குள் விட்டு விசையை அழுத்துவாள். பக்கத்து விசையில் விரல் தவறிப் படாது. விரல் எவ்வளவு நடுங்கினாலும் துளை அதைப் பிடித்து நிறுத்திவிடும். இப்படியே எட்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறாள்; ஒரு நாளைக்கு இருநூறு பேருக்குப் பதிவுச் சீட்டு போடுவாள். பழைய புரோகிராமில் மவுஸுக்கு வேலையே கிடையாது. அம்பு விசையைத் தட்டினால் வெளிச்சப் பட்டை கீழே இறங்கும், என்டர் தட்டினால் திறக்கும். மவுஸை மட்டும் அவளால் ஆளவே முடியாது. பிடித்தால் திரையில் அம்புக்குறி அடிபட்ட ஈபோலச் சுழலும்.

புதிய திரையை முருகதாஸ் அவள் முன்னால் வைத்தான். நேசம்மாள் டேப் விசையைத் தட்டினாள். திரையில் ஒன்றும் அசையவில்லை. மறுபடி தட்டினாள். உண்மையில் உள்ளே எதுவோ நகர்ந்துகொண்டுதான் இருந்தது. எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று காட்டும் குறியைத்தான் முருகதாஸ் அழித்து வைத்திருந்தானே. மெனுவோ டேப்புக்குச் சிக்கவே இல்லை. மவுஸ் மேலே வந்தால் மட்டும் திறக்கிற மாதிரி அவன் அதைச் செய்திருந்தான். எப்படியோ தட்டுத்தடுமாறி ஒரு பெயரை அடித்துவிட்டாள். வெள்ளைப் பெட்டி எழும்பியது. டேப்பைத் தட்டத் தட்ட ஏதோ நகர்ந்தது. ஆனால் பெட்டிக்குள் இல்லை, பெட்டிக்குப் பின்னால் இருண்டு கிடந்த பக்கத்தில். கையைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"தம்பி, நான் எங்க நிக்கியேன்னே எனக்குத் தெரியல்ல" என்றாள்.

ஆஸ்பத்திரி மேலாளர் ஆன்ட்ரூஸ் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷர் அல்ல, கறாரானவர். முருகதாஸைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னார். அடுத்த மாதம் முதல் தேதியோடு பழைய கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை வெள்ளோட்டம். அன்று நேசம்மாளால் புதியதை ஓட்ட முடிந்தால் கவுண்டர் அவளுக்கே. முடியாவிட்டால் துணி அறைக்கு மாற்றவேண்டியதுதான், வேறு வழியில்லை. துணி அறை என்றால் போர்வையும் விரிப்பும் மடித்து அடுக்குகிற வேலை. அந்தக் கைகளை வைத்துக்கொண்டு அவள் எப்படி மடிப்பாள்? வீட்டுக்குப் போ என்பதை மரியாதையாகச் சொல்வதுதான் அது என்று இருவருக்குமே தெரியும். சனிக்கிழமைக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

டைட்டஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் எழுதவில்லையே, ஒரே ஓர் ஆளுக்காக எல்லாவற்றையும் மாற்றுவதா என்று கேட்டார். முருகதாஸ் தன் கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்து மவுஸ் வயரைப் பிடுங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டான். பிறகு, தான் செய்ததைத் தானே ஓட்டிப் பார்த்தான். பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு நோயாளியைக்கூடப் பதிவு செய்ய முடியவில்லை. இரண்டு கையும் நன்றாக இருக்கிறவன், அதை உண்டாக்கினவன், சொந்த வீட்டிலேயே வாசல் தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றான். அவமானமாக இருந்தது அவனுக்கு. அந்தப் பழைய ஃபைலைத் திறந்து, கோட்டை அழிக்கும் வரியை எடுத்தான். பக்கத்திலிருந்த குறிப்பை அன்றைக்குத்தான் படித்தான்.

அதன்பிறகு அவன் மவுஸைத் தொடவே இல்லை. மெனுவிலிருந்து தொடங்கினான். 'பதிவு' என்ற சொல் இதுவரை வெறும் எழுத்தாக இருந்தது. அதை உண்மையான பொத்தானாக மாற்றினான். பொத்தான் என்றால் டேப் தானாகவே அங்கே வந்து நிற்கும். என்டரோ கீழ் அம்போ தட்டினால் பட்டியல் திறந்து முதல் வரியில் போய் நிற்கும். அம்பு விசைகளால் மேலும் கீழும் நகரலாம். கடைசி வரியில் இன்னொரு கீழ் அம்பு தட்டினால் மறுபடி முதல் வரி. பட்டியல் நீளமானது என்பதால், வரியின் முதல் எழுத்தை அடித்தாலே அங்கே தாவும்படி வைத்தான். எஸ்கேப் தட்டினால் பட்டியல் மூடிக்கொள்ளும். இந்த இடத்தில் இரண்டு நாள் திணறினான். மூடியபிறகு குறி எங்கேயோ தொலைந்துபோய், அடுத்த டேப் பக்கத்தின் தலையிலிருந்து புறப்பட்டது. எந்தப் பொத்தானால் பட்டியலைத் திறந்தோமோ அதே பொத்தானுக்குக் குறியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று புரிந்த பிறகுதான் சரியானது.

அடுத்தது வெள்ளைப் பெட்டி. அது எழும்பியதும் குறி அதற்குள் போய்விட வேண்டும். உள்ளே இருக்கும்வரை டேப் பெட்டியைவிட்டு வெளியே போகக்கூடாது; கடைசிப் பொத்தானைத் தாண்டினால் முதல் பொத்தானுக்கு வர வேண்டும், ஷிஃப்டோடு தட்டினால் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். எஸ்கேப் என்றால் ரத்து. மூடினால் விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். இதையும் செய்து முடித்தான். உள்ளே போகும் குறி எதில் நிற்பது என்ற கேள்விக்கு அவன் அதிகம் யோசிக்கவில்லை. முதல் பொத்தானில் என்று வைத்துவிட்டான். எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள்.

மிஞ்சியது குறியின் அழகு. அங்கேதான் அவன் கண் அவனைக் கெடுத்தது. இளமஞ்சளில், பூவிதழ்போல மங்கலாக ஒரு வளையம் வரைந்தான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினால், நேசம்மாள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்த் தேடினாள். தலை ஆடிக்கொண்டே இருக்கிறவளுக்கு வெள்ளைத் தாளின்மேல் இளமஞ்சள் எப்படித் தெரியும்? கலியாணப் பத்திரிகைக்கு நல்லாருக்கும் தம்பி என்றாள். அவன் முன்பு பத்திரிகை அடித்தவன் என்பது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு, வெள்ளையிலும் நீலத்திலும் ஒருசேரத் தெரிய என்ன வேண்டுமோ அதைச் செய்தான். குறி நிற்கும் பொத்தானுக்குள் முழுதும் பளிச்சென்ற மஞ்சள், சுற்றிலும் விரல் தடிமனுக்குக் கறுப்புக் கோடு. விரல் தடிமன் என்றது அவன் சொன்ன கணக்கு; உண்மையில் மூன்று நான்கு திரைப்புள்ளிதான். வெள்ளையில் கறுப்பு காட்டிக்கொடுக்கும், நீலத்தில் மஞ்சள் காட்டிக்கொடுக்கும். ஆட்டோவின் பின்பக்கம்போல இருக்கிறது என்று டைட்டஸ் சொன்னார். முருகதாஸுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் மாற்றவில்லை.

நேசம்மாள் அதை மூன்று நாளில் பழகிவிட்டாள். 'அறிக்கை'யிலிருந்து 'பதிவு'க்கு அவள் ஓடுகிற வேகத்தைப் பார்த்து முருகதாஸுக்கு வயிறு குளிர்ந்தது.

அந்தச் சனிக்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்கே கவுண்டர் முன்னால் கடற்கரைச் சனங்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு பாதுகாப்புக்காகப் பழைய கம்ப்யூட்டரும் பக்கத்தில் ஓடியது. ஆன்ட்ரூஸ் கைகட்டி நின்றார். டைட்டஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் காகிதத்தோடு வந்திருந்தார். முதல் இருபது பேர் தடங்கல் இல்லாமல் போனார்கள். நேசம்மாளின் நெற்றி வியர்த்திருந்தது. முகம் மட்டும் மலர்ந்திருந்தது. டைட்டஸ் பேனாவின் மூடியைத் திறந்தார்.

அப்போதுதான் ஒரு பெண் திரும்பி வந்தாள். மரியரோஸ் என்று பெயர், கர்ப்பிணி. டாக்டர் அவளுடைய சீட்டைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை மாத்திரையை ஏன் விட்டாய் என்று கேட்டாராம். தனக்குச் சர்க்கரையே கிடையாதே, இதுவரை இந்த ஆஸ்பத்திரிக்கே வந்ததில்லையே என்று அவள் கலங்கிப்போய் நின்றாள். ஆன்ட்ரூஸ் சீட்டை வாங்கிப் பார்த்தார். அதே ஊரில் இருக்கும் வேறொரு மரியரோஸின் பழைய எண் அதில் விழுந்திருந்தது. அந்த மரியரோஸுக்கு அறுபது வயது. இருவருடைய விவரமும் ஒன்றாகிவிட்டது.

அந்தக் கடற்கரையில் இது ஒரு பெரிய சங்கதி. தாத்தா பெயர் பேரனுக்கு, பாட்டி பெயர் பேத்திக்கு. அதுவும் புனிதர்களின் பெயர். ஊருக்குப் பத்து மரியரோஸ் இருப்பார்கள், அதில் நான்கு பேருக்குத் தகப்பன் பெயரும் ஒன்றாக இருக்கும். அதனால்தான், அதே பெயரும் அதே ஊரும் வந்தால் வெள்ளைப் பெட்டி எழும்பி 'இந்தப் பெயரில் பழைய அட்டை உள்ளது, இவர்தானா?' என்று கேட்கும். கீழே மூன்று பொத்தான்கள்: 'இவரேதான்', 'புதியவர்', 'ரத்து'. முருகதாஸ் திருவட்டாறுக்காரன், சோதித்துப் பார்க்க அவன் அடித்த பெயர்களில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. பெட்டி எப்போதாவது வரும் என்று நினைத்திருந்தான். இங்கே மூன்று பேருக்கு ஒரு தடவை வந்தது.

ஆன்ட்ரூஸ் மேலும் தேடச் சொன்னார். காலையிலிருந்து அப்படி மூன்று பேர் கலந்துபோயிருந்தார்கள். ஆன்ட்ரூஸின் முகம் இறுகியது. அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே நேசம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"எனக்க கைதான் சாரே. பெட்டி வந்ததையே நான் பாக்கல்ல. மன்னிக்கணும்."

டைட்டஸ் மூச்சை விட்டார். நல்லவேளை, சாப்ட்வேரில் குற்றமில்லை என்பது அந்த மூச்சின் அர்த்தம். ஆன்ட்ரூஸ் வருத்தத்தோடு தலையை ஆட்டி, எட்டு வருஷத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லையே என்றார். இனிமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, நோயாளியின் உயிர் விஷயம் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நேசம்மாள் பலகையைக் கீபோர்டிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள். அந்தக் கைகளுக்கு அது லேசில் வரவில்லை.

முருகதாஸின் காதில் 'எட்டு வருஷத்தில்' என்ற சொல் மட்டும் நின்றது. அதே கைதானே எட்டு வருஷமும்? பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரில் மரியரோஸ் என்று அடித்து என்டரைத் தட்டினான். அங்கேயும் அதே கேள்வி வந்தது. ஆனால் பதிலுக்கு, ஆமாம் என்றால் 'ஒய்', இல்லை என்றால் 'என்' என்று இங்கிலீஷ் எழுத்தை அடிக்க வேண்டும். என்டருக்கு அது மசியவில்லை. அப்போதுதான் முருகதாஸுக்குப் பிடிபட்டது. நேசம்மாளின் விரல் துளைக்குள் போனால் சட்டென்று வெளியே வராது. நடுங்கிக்கொண்டே ஒரு விநாடி அழுத்தியபடி இருக்கும். ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அதைப் பலமுறை தட்டியதாக எடுத்துக்கொள்ளும். முதல் என்டரில் பெட்டி எழும்புகிறது. குறி நேராக முதல் பொத்தானில் போய் உட்காருகிறது. விரல் இன்னும் என்டரில்தான். அடுத்த தட்டு 'இவரேதான்' மேல் விழுகிறது. பெட்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. குறி பெட்டிக்குள் போகாமல் இருந்தபோது இந்த ஆபத்து இல்லை. அவள் வேலையைக் காப்பாற்ற அவன் கட்டிய படிதான் அவளைத் தள்ளிவிட்டது.

டைட்டஸ் அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். வாயைத் திறக்காதே என்று கண்ணால் சொன்னார். கையெழுத்தாகட்டும், திங்கட்கிழமை சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம் என்பது அவர் எண்ணம். திங்கட்கிழமைக்குள் நேசம்மாள் துணி அறையில் இருப்பாள் என்பதை அவர் யோசிக்கவில்லை. முருகதாஸ் சாதாரணமாக எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. பேசியும் பழக்கமில்லை. ஆனாலும் ஆன்ட்ரூஸின் பக்கம் திரும்பினான்.

"சாரே, அந்த அக்காக்க கையில தப்பு இல்ல. தப்பு நான் செய்ததுல" என்றான்.

ஆன்ட்ரூஸ் நம்பவில்லை. சின்னப் பையன் இரக்கப்பட்டுப் பேசுகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். முருகதாஸ் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னான். அவருடைய சொந்தப் பெயரையும் ஊரையும் அடிக்கச் சொன்னான். கைவிரலில் ஒரு குறையும் இல்லாத மனுஷர்; ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார்.

"இப்ப என்டரை அமுக்குங்க. பைய அமுக்கி, பைய எடுங்க."

ஆன்ட்ரூஸ் அப்படியே செய்தார். திரையில் என்னவோ வெள்ளையாகக் கண் சிமிட்டியதுபோல இருந்தது. அவ்வளவுதான். பிரிண்டர் சீட்டைத் துப்பியது. அவருடைய ஊரிலேயே இன்னொரு ஆன்ட்ரூஸ் இருந்தார். எழுபத்திரண்டு வயது, மூல வியாதிக்கு இரண்டு தடவை ஆப்பரேஷன் செய்துகொண்டவர். மேலாளர் அந்த எண்ணில் அந்த வியாதியோடு பதிவாகியிருந்தார். வரிசையில் முன்னால் நின்ற ஆள் சீட்டை எட்டிப்பார்த்துச் சிரித்துவிட்டார். ஆன்ட்ரூஸ் சிரிக்கவில்லை. சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார், திரும்பி நேசம்மாளைப் பார்த்தார்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டார். ஒரு மணிநேரம் என்றான் முருகதாஸ். நாற்பது நிமிஷம்தான் ஆயிற்று. அதுவரை பழைய கம்ப்யூட்டரில் நேசம்மாளே சீட்டுப் போட்டாள். கலந்துபோன மூன்று பேரையும் பழைய எண்களைப் பார்த்துப் பிரித்துவிட்டாள். பெட்டி எழும்பினால் குறி இனிமேல் எந்தப் பொத்தானிலும் நிற்காது. பெட்டியின் மேலே, பழைய அட்டைக்காரரின் தகப்பன் பெயரும் வீட்டுப் பெயரும் வயதும் எழுதியிருக்கும் இடத்தில் நிற்கும். அங்கே என்டரை எத்தனை தடவை தட்டினாலும் ஒன்றும் ஆகாது. படித்துவிட்டு, டேப் தட்டி இறங்கி வந்தால்தான் பொத்தான். பொத்தான்களையும் இடம் மாற்றினான். 'புதியவர்' முன்னாலும் 'இவரேதான்' அதற்குப் பின்னாலும் வந்தது. தெரியாமல் ஒன்று நடந்தாலும் ஓர் அட்டை கூடுதலாகும், அவ்வளவுதான். இரண்டு மனுஷர் ஒன்றாக மாட்டார்கள்.

மதியம் ஒரு மணிவரை நேசம்மாள் தொண்ணூற்றுச் சொச்சம் பேரைப் பதிந்தாள். பெட்டி முப்பத்தோரு தடவை எழும்பியது. ஒவ்வொரு தடவையும் ஆன்ட்ரூஸ் குனிந்து பார்த்தார். பத்து தடவைக்குப் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். டைட்டஸின் காகிதத்தில் அவர் அன்று கையெழுத்துப் போடவில்லை. ஒரு மாதம் ஓடட்டும் என்றார். டைட்டஸ் முருகதாஸிடம் மறு சனிக்கிழமைவரை சரியாகப் பேசவில்லை. துணி அறைப் பேச்சை மட்டும் அந்த ஆஸ்பத்திரியில் அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஆனால் முருகதாஸின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது வேறொன்று. அவள் எழுந்து நின்றாளே, யாரும் கேட்பதற்கு முன்பே. மன்னிக்கணும் என்றாளே. பாத்திரம் உடைந்தாலும், பஸ் தவறினாலும், பிறர் செய்த புரோகிராம் கெட்டாலும், குற்றம் தன் கையில்தான் என்று முப்பத்துமூன்று வருஷமாக அவளுக்குப் பழகிப்போயிருக்கிறது. அவன் தப்பைச் சொன்ன பிறகும் அவள் அதை முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. தம்பி நல்ல பிள்ளை, எனக்காகச் சொன்னிய என்றுதான் போகும்போது சொன்னாள். அது அவனுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

அடுத்த மாதம் இருபதாம் தேதி, காலை பதினொரு மணி இருக்கும். டைட்டஸின் கம்பெனி போன் அடித்தது. முருகதாஸ்தான் எடுத்தான். நேசம்மாள் குரல். நலம் விசாரிக்கவில்லை, தம்பி என்று கூப்பிடவும் இல்லை. நேரே விஷயத்துக்கு வந்தாள். ரசீதுப் பட்டியலில் ஒரு வரியைத் திருத்திப் பெட்டியை மூடினால் குறி விட்ட இடத்துக்கு வரவில்லை, பக்கத்தின் தலைக்குப் போகிறது. அங்கிருந்து பழைய இடத்துக்கு வரப் பத்தொன்பது தடவை டேப் தட்ட வேண்டியிருக்கிறது; அவள் எண்ணிப் பார்த்திருக்கிறாள். காலையிலிருந்து எத்தனை ரசீது, எத்தனை பத்தொன்பது என்று அவனே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும் என்றாள்.

முருகதாஸ் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தன் கம்ப்யூட்டரில் அதையே செய்து பார்த்தான். அவள் சொன்னது அச்சுப்பிசகாமல் சரி. திருத்தியதும் பட்டியல் முழுதும் புதிதாக வரையப்படுகிறது. குறி திரும்பிப்போக வேண்டிய பழைய பொத்தான் அப்போது திரையிலேயே இருப்பதில்லை. இது அவனுக்குத் தோன்றவே இல்லை. ஒருவேளை விசையை எங்கேயாவது மாற்றித் தட்டியிருப்பீர்களோ என்று, வழக்கமாக எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கும் கேள்வியை அவனையறியாமல் கேட்டுவிட்டான். கேட்ட நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மறுமுனையில் அவள் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை.

"எனக்க கை சரியாத்தான் தட்டிச்சு. ஒங்க சாப்ட்வேர்லதான் தப்பு. இன்னைக்கே வந்து சரியாக்கிட்டுப் போங்க."

வைத்துவிட்டாள். முருகதாஸும் போனை வைத்தான். என்னலே, வசவா என்று டைட்டஸ் கேட்டார். ஆமாம், நல்ல வசவு என்று சொல்லிவிட்டு, முகமெல்லாம் சிரிப்போடு அவன் பஸ்ஸுக்குக் கிளம்பினான்.